பாதிப் படத்தை யார் எடுத்தது?

சதுரமாக எடுத்த ஒரு பொருளின் படத்தை அகலமான பேனராக்குவது இனி ஒரு வேலையே இல்லை என்று இன்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆன்லைன் கடை நடத்துபவர், அவருக்குப் போஸ்டர் செய்து தரும் டிசைனர், டிசைனருக்கு வகுப்பெடுப்பவர் என்று மூவரும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை முதலில் திரிக்காமல் எடுத்து வைத்துவிடுகிறேன்.

பொருள் ஏற்கெனவே படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது. பேனருக்குக் குறைவது இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்னணி மட்டும்தான். அவுட்பெயின்டிங் கருவி அந்தப் பின்னணியை வரைந்து தந்துவிடும், பொருளைத் தொடாது. சரியாக வராவிட்டால் ப்ராம்ப்டில் படத்தை இன்னும் விரிவாக எழுத வேண்டும். அப்படியும் வராவிட்டால் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும், நாலில் ஒன்று தேறிவிடும். இதற்காக மறுபடி ஸ்டூடியோவுக்குப் போய் லைட் கட்டிப் படம் எடுப்பது பணத்துக்குப் பிடித்த கேடு.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. கடற்கரை, வானம், புல்வெளி போன்ற படங்களில் இது அப்படியே பலிக்கும். ஃபோட்டோஷாப்பில் 2023-இல் `Generative Expand` வந்த பிறகு, க்ளோன் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் செய்த வேலை நிமிடங்களில் முடிகிறது. அந்தக் கருவியை நானும் தினமும் திறக்கிறேன். ஆனால் வானத்துக்குப் பலிக்கும் வாதம் விற்பனைக்கு வைத்த பொருளுக்குப் பலிக்காது. வானத்தில் ஒரு மேகம் கூடினால் கேட்பார் இல்லை. பேனரில் ஒரு கிண்ணம் கூடினால், அதுவும் பொருளோடு சேர்த்துத் தருவதா என்று வாடிக்கையாளர் கேட்பார்.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். மரச்செக்கு நல்லெண்ணெய், ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், தமிழ் லேபிள். பாட்டிலுக்கு இடப்பக்கம் சற்று முன்னால் எள் நிறைந்த பித்தளைக் கிண்ணம், அதை ஒட்டி இரண்டு துண்டு கருப்பட்டி. கீழே மர மேசை, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது, பாட்டிலின் நிழல் வலப்பக்கம் நீண்டு படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அழகுக்காகச் சிதறவிட்ட எள் இடது விளிம்பு வரை ஓடியிருக்கிறது. படம் 2000-க்கு 2000 பிக்சல். கேட்கப்படுவது 1920-க்கு 640 அளவில் ஒரு தீபாவளி பேனர், இடப்பக்கம் எழுத்து வர வேண்டும்.

1. "கொஞ்சம் பின்னணிதானே?" கணக்குப் போட்டுப் பார்த்தவர் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்.

பேனர் ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கிறது. 2000 உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டால் அகலம் 6000 ஆக வேண்டும், கையில் இருப்பதோ 2000. அதாவது பேனரில் மூன்றில் இரண்டு பங்கு கேமரா பார்க்காத இடம். இதைக் 'கொஞ்சம்' என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இதில் பாட்டிலும் கிண்ணமும்தான் சிறுபான்மை. கருவி உண்மையில் ஒரு புதிய படத்தைப் போட்டு, அதன் ஓரத்தில் நம் படத்தைச் செருகுகிறது.

ஆகவே நீட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வெட்டுவது. இந்தப் படத்தில் பாட்டிலின் உயரம் 1150 பிக்சல்தான், தலைக்கு மேல் வெறும் சுவர் நிறைய இருக்கிறது. மேலே 450, கீழே 150 வெட்டினால் உயரம் 1400 ஆகும். அதற்கு மூன்று மடங்கு அகலம் 4200. புதிதாக வரைய வேண்டியது 4000-லிருந்து 2200 ஆக இறங்கிவிடுகிறது. ஒரு பைசா செலவில்லாமல், எந்தக் கருவியையும் திறக்காமல், கற்பனைக்கு விட்ட இடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பட்டன் கட்சிக்காரர்கள் இதை ஏன் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்த 2200-ஐ இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடுவதும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பழக்கம்தான். எழுத்து இடப்பக்கம் வருவதால் இடதில் 1700, வலதில் 500 போதும். அப்படி வைத்தால் பாட்டிலின் நடுக்கோடு பேனரின் மூன்றில் இரண்டாம் புள்ளியில் வந்து நிற்கும். வலப்பக்கத்து 500-க்கு ஒரே ஒரு வேலை: வெட்டுப்பட்ட நிழலை முடித்து வைப்பது. இடப்பக்கத்து 1700-க்கும் ஒரே வேலை: சும்மா இருப்பது. அங்கே எழுத்து உட்காரப் போகிறது. ஒன்றுமில்லாத இடத்தைத்தான் அங்கே விலை கொடுத்து வாங்குகிறோம், அதில் எதையாவது நிரப்பித் தருவது உதவி ஆகாது.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த கடைப் படத்துக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அதற்கு `Canvas Size`-இல் அகலத்தைக் கூட்டி அதே வெள்ளையை ஊற்றினால் முடிந்தது. சுத்தமான வெள்ளையைக் கூட ஏஐ கொண்டு நீட்டி, அது தானாகச் சேர்த்த சாம்பல் நிழலையும் இலைகளையும் அப்புறம் உட்கார்ந்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

2. பொருளைத் தொடாது என்ற உறுதியை யார் கொடுத்தது?

சில கருவிகளில் இது உண்மை. அசல் படம் தன் லேயரில் பத்திரமாக இருக்கும், புதியது மேலே தனி லேயராக வரும். ஆனால் எல்லா வழிகளும் அப்படி அல்ல. பொருள் கெட்டுப்போவதற்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன.

முதல் வாசல் பழையது, படத்தை இழுப்பது. மூன்று மடங்கு இழுத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் யாரும் மூன்று மடங்கு இழுப்பதில்லை. வேலை கொஞ்சம் சுலபமாகட்டும் என்று பத்து சதவீதம் இழுத்துக்கொண்டு மிச்சத்தை ஏஐயிடம் விடுகிறார்கள். பாட்டில் அந்த அளவுக்குத் தடிக்கிறது, கிண்ணத்தின் வாய் சப்பையாகிறது. கண் இதைச் சட்டென்று பிடிக்காது, அளவுகோல் பிடிக்கும். நம் பாட்டில் அசலில் 320 அகலம், 1150 உயரம். 640 உயரப் பேனராகச் சுருக்கிய பிறகு அது 146-க்கு 526 இருக்க வேண்டும். அகலம் 160 என்று வந்தால் யாரோ இடையில் இழுத்திருக்கிறார்கள். அசலையும் பேனரையும் ஃபோட்டோஷாப்பில் அளந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

இரண்டாவது வாசல்தான் இப்போது அதிகம் திறந்து கிடக்கிறது. 'இந்தப் படத்தை அகலப் பேனராக்கு' என்று வாக்கியமாகச் சொன்னால் செய்து தருகிற கருவிகள். இவற்றில் பல, காலியிடத்தை மட்டும் நிரப்புவதில்லை. நம் படத்தைப் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் முதலிலிருந்து வரைகின்றன. வந்த படத்தில் பாட்டில் நம் பாட்டில் போலவே இருக்கும், ஆனால் நம் பாட்டில் அல்ல. லேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'நல்லெண்ணெய்' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பியிருக்கும், புள்ளி காணாமல் போயிருக்கும், சில எழுத்து எந்த மொழிக்கும் சொந்தமில்லாத கோடுகளாக இருக்கும். பெரிய எழுத்து ஒருவேளை தப்பித்தாலும் கீழே இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணின் 14 இலக்கங்கள் தப்பிப்பது அபூர்வம். உணவுப் பொருளை விற்கிறவர் தன் உரிம எண்ணைத் தானே தப்பாக அச்சடித்துத் தொங்கவிட்டது மாதிரி ஆகிறது.

மூன்றாவது வாசல் நுணுக்கமானது, விவரம் தெரிந்தவர்களும் இதில் தவறுகிறார்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையறா மாடல்கள் படத்தை நேரடியாகப் பிக்சலாகக் கையாள்வதில்லை. ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு வடிவத்துக்கு மாற்றி, அங்கே வேலை செய்து, மறுபடி படமாக விரிக்கின்றன. மாஸ்க் போட்டு 'இந்த இடத்தைத் தொடாதே' என்று சொல்லியிருந்தாலும், அந்த இடமும் சுருங்கி விரிந்துதான் வெளியே வருகிறது. சுவர் இதைத் தாங்கும். லேபிளின் பொடி எழுத்தும் எள் மணிகளும் தாங்காது, லேசாகக் குழைந்திருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். கருவி எதைத் தந்தாலும், அதன்மேல் அசல் படத்தைக் கொண்டுவந்து அதே இடத்தில் மறுபடி பதிக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் ஒரு ஐம்பது பிக்சல் மெதுவாகக் கரையவிட்டால் போதும். அந்த ஐம்பது பிக்சலுக்குள் பொருளோ துணைப்பொருளோ வரக் கூடாது. பதித்தது சரியா என்பதற்கு நம்பிக்கை தேவையில்லை, சோதனை இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் அசலை மேல் லேயராக வைத்து ப்ளெண்டிங்கை `Difference` ஆக்கினால், இரண்டும் ஒன்றாக இருக்கிற இடம் கன்னங்கரேலென்று தெரியும். பாட்டில் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் லேபிளின் கோடுகள் தெரிந்தால் அது நம் பாட்டில் இல்லை. இதையே இமேஜ்மேஜிக்கில் எண்ணாகவும் கேட்கலாம். நம் படத்தில் பொருட்கள் இருக்கும் பகுதியை அசலிலிருந்தும், சுருக்குவதற்கு முந்தைய 4200 அகலப் பேனரிலிருந்தும் வெட்டி ஒப்பிடுகிறோம்:

```
magick square.png -crop 850x1200+450+550 +repage a.png
magick banner.png -crop 850x1200+2150+100 +repage b.png
magick compare -metric AE a.png b.png null:
```

விடை 0 என்று வர வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் அத்தனை பிக்சல் மாறியிருக்கிறது என்று பொருள். 'பரவாயில்லை, கிட்டத்தட்ட ஒன்றுதான்' என்ற விடைக்கு இதில் இடமில்லை.

3. விரிவாக எழுதினால் நன்றாக வரும் என்பது, இந்த வேலையில், அப்படியே தலைகீழ்.

இதுதான் வகுப்புகளில் அதிகம் கற்பிக்கப்படுவதும் அதிகம் கெடுப்பதும். 'மர மேசையில் நல்லெண்ணெய் பாட்டில், பித்தளைக் கிண்ணத்தில் எள், கருப்பட்டி, இயற்கை வெளிச்சம்' என்று படத்தில் இருப்பதையெல்லாம் ப்ராம்ப்டில் ஒன்று விடாமல் எழுதச் சொல்கிறார்கள். படத்தைப் புதிதாக உருவாக்கும்போது அது சரி. அவுட்பெயின்டிங்கில் கருவி வரையப் போவது காலியிடத்தை. நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் அந்தக் காலியிடத்துக்குள் போகத்தான் துடிக்கும். பாட்டில் ஏற்கெனவே இருக்கிறதே, கிண்ணம் ஒன்று போதுமே என்று மாடல் கணக்கு வைப்பதில்லை. விளைவு: இடப்பக்கம் இரண்டாவது கிண்ணம், கொஞ்சம் மங்கலாக மூன்றாவது, தூரத்தில் லேபிள் இல்லாத பாட்டிலின் ஒன்றுவிட்ட தம்பி.

அதனால் ப்ராம்ப்டில் எழுத வேண்டியது, புதிய இடத்தில் என்ன இருக்க வேண்டுமோ அது மட்டும். நம் படத்தின் இடப்பக்கத்துக்கு இவ்வளவு போதும்:

```
bare wooden tabletop, plain lime-washed wall, soft daylight from the left
```

பாட்டில் இல்லை, எள் இல்லை, எண்ணெய் இல்லை. 'கிண்ணம் வேண்டாம்' என்று அதே வரியில் எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. இந்த மாடல்களுக்கு 'வேண்டாம்' சரியாகக் கேட்காது, 'கிண்ணம்' நன்றாகக் கேட்கும். வேண்டாததை எழுதுவதற்கென்று தனிப்பெட்டி இருக்கும் கருவியில் அங்கே எழுதலாம். இல்லாத கருவியில் அந்தச் சொல்லையே உச்சரிக்காமல் இருப்பதுதான் வழி. ஃபோட்டோஷாப்பில் ப்ராம்ப்ட் பெட்டியைக் காலியாக விட்டாலும் கருவி சுற்றியிருப்பதைப் பார்த்து நிரப்பும், பல சமயம் அதுவே நல்லது.

பல சமயம் என்றுதான் சொன்னேன், எப்போதும் என்று சொல்லவில்லை. ஏனென்றால் ப்ராம்ப்டில் எழுதாத கிண்ணமும் திரும்ப வரும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று அளவு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் தலைமுறை 512 பிக்சல் சதுரங்களிலும், எஸ்டிஎக்ஸ்எல் 1024 பிக்சல் அளவிலும் பழக்கப்பட்டவை. பழகிய அளவைவிட மிக அகலமான கேன்வாஸை ஒரே மூச்சில் நிரப்பச் சொன்னால், மாடல் தான் பழகிய அகலத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் நினைக்கத் தொடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாயகன் வேண்டுமே. அதனால்தான் மூன்று மடங்கு அகலத்தில் மூன்று கிண்ணம் வரிசை கட்டி நிற்கிறது.

இன்னொன்று, மாடல் எதைப் பார்க்கிறது என்பது. அது நம் படத்தைப் பார்த்துத்தான் தொடர்ச்சியை ஊகிக்கிறது. அதன் பார்வையில் அரைக் கிண்ணம் விழுந்தால், இந்த மேசையில் கிண்ணங்கள் இருக்கும் என்று முடிவு செய்துவிடும். எனவே ஜன்னல் போல ஒரு பகுதியை மட்டும் காட்டி, அதில் என்ன தெரிய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும்.

நம் படத்தில் செய்து பார்ப்போம். 1400 உயரத்தை வேலைக்காக 1024 ஆகச் சுருக்கிக்கொண்டால், இடப்பக்கம் வரைய வேண்டிய 1700 பிக்சல் சுமார் 1240 ஆகிறது. கிண்ணம் அசலின் இடது விளிம்பிலிருந்து 450 பிக்சல் தள்ளித் தொடங்குகிறது, இந்த அளவில் அது ஏறத்தாழ 330. ஆகவே முதல் ஜன்னல் 1024 அகலம், அதில் பழைய படம் 320, புதிய இடம் 704. மாடல் பார்ப்பது சுவர், மேசை, வெளிச்சம் இவ்வளவுதான். கிண்ணம் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டது. பார்க்காததை அது திரும்பப் போடுவதற்கு வழி குறைவு. அடுத்த ஜன்னலில் மிச்சமுள்ள ஐநூற்றுச் சொச்சம். இரண்டே எட்டில் இடப்பக்கம் முடிந்தது. இருபது சின்ன எட்டாக வைத்தால் இன்னும் நன்றாக வருமே என்று தோன்றலாம், வராது. இரண்டாம் எட்டிலிருந்தே மாடல் தன் கற்பனையைப் பார்த்துத்தான் வரைகிறது. எட்டுகள் கூடக்கூட நிறமும் வெளிச்சமும் அசலை விட்டு நகரும்.

ஜன்னலை நாமே வைக்க முடியாத கருவியில், கிண்ணத்தையும் பாட்டிலையும் மேசை, சுவர் நிறத்தில் ஒரு தற்காலிக லேயர் போட்டு மூடிவிட்டு நீட்ட வேண்டும். நீட்டி முடித்ததும் அந்த மூடியை எடுத்துவிட்டால் பொருட்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும்.

4. 'மறுபடி அழுத்து, நாலில் ஒன்று தேறும்.' தேறாது, ஏனென்றால் கோளாறு அதிர்ஷ்டத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது.

நம் படத்தின் இடது விளிம்பு வரை எள் சிதறியிருப்பதை முதலிலேயே சொன்னேன். விளிம்பைத் தொட்டு நிற்கிற எதையும் மாடல் 'இது தொடர்கிறது' என்றே படிக்கும். நீங்கள் நூறு முறை அழுத்தினாலும், நூறு முறையும் எள் தொடரும். எழுத்து வர வேண்டிய 1700 பிக்சல் முழுக்க எறும்பு ஊர்வது போல எள். அதை அழுத்தி அழுத்திச் சரிசெய்ய முடியாது. நீட்டுவதற்கு முன் விளிம்பை ஒட்டிய முந்நூறு பிக்சலில் கிடக்கும் எள்ளை ரிமூவ் டூல் கொண்டு துடைத்து, சிதறல் கிண்ணத்தருகிலேயே முடிவதாகச் செய்துவிட வேண்டும். கடைசியில் மேலே பதிக்கிற அசலும் இப்படித் துடைத்த படமாகவே இருக்க வேண்டும். விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட கருப்பட்டி இருந்தாலும் இதே கதிதான். ஒன்று துடைக்க வேண்டும், இல்லையென்றால் அது தெரியாத அளவுக்கு அந்தப் பக்கத்தை வெட்ட வேண்டும். பாதி துண்டைக் கொடுத்து முழுத் துண்டு கேட்டால் மாடல் தருவது பெரும்பாலும் கல்.

இதற்கு ஒரே விதிவிலக்கு நிழல். வலது விளிம்பில் வெட்டுப்பட்ட நிழலைத் துடைக்கக் கூடாது, அது தொடரத்தான் வேண்டும். ஆனால் வலப்பக்க ஜன்னலில் பாட்டிலின் விலா ஒரு கீற்று தெரிந்தாலும் மாடல் அடுத்த பாட்டிலுக்கு அடிபோடும். பாட்டிலின் வலது விளிம்பு அசலில் 1260-ஆம் பிக்சலில் முடிகிறது. எனவே ஜன்னலை 1320 வாக்கில் தொடங்கினால் மேசையும் சுவரும் நிழலின் உடலும் தெரியும், பாட்டில் தெரியாது. ப்ராம்ப்டில் மேசை மீது மங்கி மறையும் நிழல் என்று மட்டும் எழுத வேண்டும். வந்ததில் நிழல் திசை மாறாமல், முனை போகப் போக மென்மையாகிறதா என்று பார்க்க வேண்டும். நிழலைத் தடுமாற விடுகிற படம் எத்தனை கூர்மையாக இருந்தாலும் அதில் பாட்டில் மேசைமேல் நிற்காது, மிதக்கும்.

5. "பேனரை யார் இவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?"

உற்றுப் பார்க்க வேண்டியது வாடிக்கையாளர் அல்ல, செய்தவர். வாடிக்கையாளருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது என்று மட்டும் தோன்றும், ஒட்டுப்போட்ட படத்தில் இருக்கும் எண்ணெய்மீது சந்தேகமும் வரும். அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பார்க்க வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை.

மேசையும் சுவரும் சந்திக்கும் கோடு முதல் இடம். நேரே நின்று எடுத்த படத்தில் அது ஒரே கிடைக்கோடு. மாடல் வரைந்த பகுதியில் அது இரண்டு மூன்று பிக்சல் ஏறியோ இறங்கியோ போயிருக்கும், ஒட்டில் ஒரு சின்னப் படி தெரியும். ஒரு கைடு கோட்டை அதன்மேல் வைத்தால் உடனே தெரிந்துவிடும். மேசைப் பலகைகளின் இடைவெளிகள் நம்மை விட்டு விலகிப் போகிறவையாக இருந்தால் வேலை கடினம். அசலில் இரண்டு இடைவெளிகளின்மேல் கோடு போட்டு நீட்டினால் அவை மேலே ஒரு புள்ளியில் சந்திக்கும். புதிய பகுதியின் இடைவெளிகளும் அதே புள்ளியை நோக்கி, ஓரம் போகப் போக மேலும் சாய்ந்து, வர வேண்டும். மாடல் பெரும்பாலும் அவற்றை இணைகோடுகளாகப் போட்டுவிடும். அப்போது மேசை நடுவில் முறிந்ததுபோல் இருக்கும்.

அடுத்தது சுவர். வெறும் சுவர்தானே என்று விடுகிறோம், ஆனால் நிறம் மாறியது மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான். ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு கான்ட்ராஸ்டைச் செங்குத்தாக ஏற்றிப் பாருங்கள், ஒட்டு இருந்தால் சுவரில் நெடுக்காக ஒரு திரை தொங்கும். பார்த்தபிறகு அந்த லேயரை அழித்துவிடலாம். கூடவே, கேமரா எடுத்த பாதியில் மெல்லிய மணல்போன்ற நாய்ஸ் இருக்கும், மாடல் வரைந்த பாதி மெழுகுபோல் வழவழவென்றிருக்கும். புதிய பகுதியில் மட்டும் அதே அளவு நாய்ஸைச் சேர்த்தால் இரண்டும் ஒரே கேமராவில் பிறந்தவையாகும்.

கூர்மையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள், இந்தப் பேனரில் அது தேவையில்லை. 1024 உயரத்தில் வரைந்ததை 1400-க்குப் பெரிதாக்கி அசலோடு சேர்த்து, பிறகு மொத்தத்தையும் 640-க்குச் சுருக்குகிறோம். கடைசி அளவு வரைந்த அளவைவிடச் சிறியது, குறை அதிலேயே மறைந்துவிடும். இதே படத்தை ஆறடி ஃப்ளெக்ஸாக அடிக்கக் கேட்டால் அப்போது நிஜமாகவே கவலைப்பட வேண்டும். அசல் பாட்டில் கூர்மையாகவும் இரு பக்கமும் பனிமூட்டமாகவும் வரும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இந்தப் பாட்டையே படவேண்டுமா என்று கேட்கலாம். சிலவற்றுக்குப் பட்டாலும் பயனில்லை. பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர், குரோம் குழாய், கண்ணாடிபோல் மெருகேற்றிய குக்கர் இவையெல்லாம் சுற்றியிருப்பதைத் தம் உடலிலேயே பிரதிபலித்துக்கொண்டு நிற்பவை. டம்ளரின் வயிற்றில் ஸ்டூடியோவின் வெள்ளைத் தட்டியும் கறுப்புத் துணியும் தெரியும்போது, பக்கத்தில் தோட்டத்தை வரைந்து வைத்தால் பொருந்தாது. பொருந்தவைக்க வேண்டுமானால் டம்ளரைத் தொட வேண்டும், தொட்டால் அது விற்கிற டம்ளர் அல்ல. ஒளி ஊடுருவும் பாட்டிலில் தேங்காய் எண்ணெயோ பன்னீரோ இருந்தாலும் இதே சங்கடம், பின்னணி பாட்டிலுக்குள்ளேயே தெரிகிறது. இவற்றுக்குப் பின்னணி எந்த வகையோ அதே வகையைத்தான் நீட்ட முடியும், புதிய காட்சி வைக்க முடியாது.

செலவைச் சொல்லி மறுபடி எடுப்பதைத் தள்ளுகிறவர்களிடம் கடைசியாக ஒன்று. மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. முதல் முறை எடுக்கும்போதே, கேமராவும் லைட்டும் அசையாமல், பொருட்களை எடுத்துவிட்டு வெறும் மேசையை ஒரு ஷாட், பிறகு ட்ரைபாடை அதே உயரத்தில் பின்னால் தள்ளி எல்லாவற்றோடும் அகலமாக ஒரு ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். முதலாவது, மாடலுக்குக் காட்ட கிண்ணமும் எள்ளும் இல்லாத மேசையைத் தருகிறது. இரண்டாவது, நிழல் எங்கே முடிகிறது, மேசை அந்தப் பக்கம் எப்படிப் போகிறது என்பதைக் காட்டுகிறது. பல சமயம் அந்த அகல ஷாட்டை வெட்டினாலே பேனர் கிடைத்துவிடும். 6000 பிக்சல் அகலக் கேமராவில் எடுத்த படத்திலிருந்து 1920 அகலத்தை வெட்ட எந்த மாடலும் தேவைப்படாது.